பல ஊர் பஸ்கள், ஒரே திருமண நேரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவிலும் நட்பிலும் யார் வீட்டில் திருமணம் என்றாலும் பஸ் ஏற்பாட்டுக்கு எனக்குத்தான் ஃபோன் வருகிறது. கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்து, பதிலும் எழுதிவைத்திருக்கிறேன். காலையில் நடக்கும் திருமணத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். மாலையில் என்றாலும் முறை இதேதான்.

கல்யாணம் பத்தரை மணிக்கு. பஸ் பத்து மணிக்கு மண்டபத்துக்கு வந்தால் போதாதா?

போதாது. பஸ் வாசலில் வந்து நிற்பது வேறு, வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்வது வேறு. ஒரே கதவு வழியாக 45 பேர் இறங்க ஏழெட்டு நிமிடம் ஆகும். வயதானவர்கள் கூடுதலாக இருந்தாலோ, அடியில் வைத்த பைகளை எடுக்க வேண்டியிருந்தாலோ இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய வரிசை கழிப்பறை வாசலில் நிற்கும். மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்த 45 பேரும் முதலில் தேடுவது அதைத்தான். நான்கு கழிப்பறை இருந்தால் ஒன்றுக்குப் பதினொரு பேர். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் கடைசி ஆள் வெளியே வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். முகம் கழுவுவது, உடை மாற்றுவது, வழியில் பார்த்தவரோடு நின்று பேசுவதெல்லாம் தனி.

அதனால் தொலைவிலிருந்து வரும் பஸ் என்றால் கதவு திறப்பதிலிருந்து எல்லோரும் உட்கார அரை மணி நேரம் ஒதுக்குகிறேன். பக்கத்து ஊர் பஸ்ஸுக்கு 15 நிமிடம் போதும். 10:30க்குத் திருமணம் என்றால் 10:15க்கு எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படியென்றால் கடைசி பஸ்ஸின் கதவு 9:45க்குத் திறந்தாக வேண்டும். இனி வரும் எல்லாக் கணக்கும் இந்த 9:45இலிருந்துதான் தொடங்குகிறது. அழைப்பிதழில் உள்ள நேரத்தைக் கணக்குக்காக மறந்துவிடுங்கள்.

மேப்ல ரெண்டே முக்கால் மணி நேரம்னு காட்டுது. அதை வச்சே கிளம்புற நேரத்தைச் சொல்லிடலாமா?

அது கார் போகும் நேரம். பஸ் ஏற்றத்தில் திணறும், வளைவில் மெதுவாகும், குறுகலான தெருவுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு வரும். பல வண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருக்கும். சமவெளி என்றால் கார் நேரத்தோடு ஐந்தில் ஒரு பங்கும், மலைப்பாதை என்றால் நான்கில் ஒரு பங்கும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த வழியில் வழக்கமாக ஓட்டும் டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இந்தக் கூட்டலே வேண்டாம். அவர் சொல்வது மேப்பைவிடச் சரியாக இருக்கும்.

இன்னொன்று, மேப்பை எப்போது பார்த்தீர்கள்? இரவு பத்து மணிக்குப் பார்த்தால் காலியான சாலையின் நேரத்தைத்தான் காட்டும். திருமணம் எந்தக் கிழமையோ அதே கிழமையைப் போட்டு, வந்து சேர வேண்டிய நேரத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

இரண்டரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு வழியில் ஓர் இடைநிறுத்தம் தேவை. டிரைவர் "பத்து நிமிஷம்தான்" என்று அறிவிப்பார். 45 பேர் இறங்கி, ஏறி, எண்ணி முடிக்க 25 நிமிடம் ஆகும். இவற்றுக்கெல்லாம் மேலே, ஓடும் நேரத்தில் மணிக்குப் பத்து நிமிடம் என்று கைவசம் ஒரு மிச்சம் வைக்கிறேன். டயர் பஞ்சர், ரயில்வே கேட், திடீர் மழை எல்லாம் அந்த மிச்சத்துக்குள் அடங்க வேண்டும்.

நாலு ஊர்லேர்ந்து நாலு பஸ். கணக்கைப் போட்டே காட்ட முடியுமா?

சரி. ஊர்களுக்கு அடையாளமாக மலை ஊர், கடற்கரை ஊர், நகரம், பக்கத்து ஊர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நான்கு பஸ்ஸும் கால் மணி நேர இடைவெளியில் 9:00, 9:15, 9:30, 9:45க்கு வரட்டும். ஏன் இடைவெளி, ஏன் இந்த வரிசை என்பது அடுத்த கேள்வியில் வரும்.

மலை ஊர் 110 கிலோமீட்டர். காரில் 2 மணி 40 நிமிடம், பஸ்ஸில் 3 மணி 20 நிமிடம். இடைநிறுத்தம் 25 நிமிடம், மிச்சம் 35 நிமிடம், ஆக 4 மணி 20 நிமிடம். மண்டபத்துக்கு 9:00க்கு வர வேண்டுமென்றால் கடைசியாக ஆள் ஏற்றும் இடத்திலிருந்து 4:40க்குக் கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் இன்னும் இரண்டு இடத்தில் ஆள் ஏறுகிறார்கள், ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குக் கால் மணி நேரம். ஆக முதல் இடத்திலிருந்து 4:10க்கு வண்டி நகர வேண்டும்.

கடற்கரை ஊர் 130 கிலோமீட்டர். தூரம் கூடுதல், ஆனால் சமவெளி. பஸ்ஸில் 2 மணி 45 நிமிடம், இடைநிறுத்தம் 25, மிச்சம் 25, ஆக 3 மணி 35 நிமிடம். 9:15க்கு வர 5:40க்குக் கிளம்ப வேண்டும். பக்கத்து ஊர் 25 கிலோமீட்டர், பஸ்ஸில் 50 நிமிடம், மிச்சம் 10. 8:45க்குக் கிளம்பினால் 9:45.

நகரத்தில்தான் சிக்கல். 70 கிலோமீட்டர், பஸ்ஸில் 1 மணி 40 நிமிடம், மிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி 25 வைத்தால் 9:30க்கு வர 7:25க்குக் கிளம்ப வேண்டும். ஆனால் ஏழரை மணிக்கு நகரத்தை விட்டு வெளியே வருவதற்குள் அலுவலக நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள், அந்த 1 மணி 40 நிமிடமே பொய்யாகிவிடும். 6:40க்குக் கிளப்பிவிடுங்கள். எட்டரைக்கே வந்துவிட்டாலும் பரவாயில்லை. சீக்கிரம் வந்த பஸ்ஸை என்ன செய்வது என்பதற்குக் கீழே பதில் இருக்கிறது.

எதுக்கு இடைவெளி? எல்லா பஸ்ஸும் ஒன்பதரைக்கு வந்துட்டா வேலை முடிஞ்சது இல்லையா?

நான்கு பஸ்ஸும் ஒன்றாக வந்தால் ஒன்றுதான் வாசலில் நிற்கும். மற்ற மூன்றும் சாலையில் வரிசை கட்டும். பின்னால் வரும் கார்கள் நகர முடியாது. பொறுமை இழந்தவர்கள் சாலையிலேயே இறங்கி நடக்கத் தொடங்குவார்கள். ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கி, பின்னால் எடுத்துத் திரும்பி வெளியேற 12 நிமிடமாவது ஆகும். அதற்காகத்தான் 15 நிமிட இடைவெளி. கழிப்பறை வரிசையும் இதனால் நான்காகப் பிரியும்.

வரிசையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எந்த பஸ்ஸின் பயண நேரத்தை நம்ப முடியாதோ அதை முதலில் வரச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது தொலைவிலிருந்து வருவது, அல்லது மலைப்பாதையில் வருவது. நம் கணக்கில் கடற்கரை ஊர்தான் தூரம், ஆனாலும் மலை ஊருக்குத்தான் முதல் இடம். அது அரை மணி நேரம் தாமதித்தாலும் 9:30தான் ஆகியிருக்கும்.

அப்புறம் ஒரு வேடிக்கை. கடைசி நிமிடத்தில் மூச்சிரைக்க வந்து சேர்வது பெரும்பாலும் பக்கத்து ஊர் பஸ்தான். "இங்க இருக்குற மண்டபம்தானே" என்று குளிக்கவே எட்டு மணிக்குப் போவார்கள். மிச்சமும் அவர்களிடம்தான் மிகக் குறைவு. மேற்பார்வையை அந்த பஸ்ஸின் மேல் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள்.

நாலு மணிக்கு பஸ் எடுத்தா யாரு வருவாங்க? முந்தின நாளே கூட்டிட்டு வந்துடலாமா?

என் அளவில் நாலு மணிதான் எல்லை. முதல் இடத்திலிருந்து அதற்கு முன்னால் கிளம்ப வேண்டிவந்தால், முந்தின நாள் மாலை அழைத்துவந்து தங்கவைப்பதுதான் சரி. நாலு மணிக்குக் கிளம்ப இரண்டே முக்காலுக்கு எழ வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டு மணிக்கு. வரும் வழியெல்லாம் தூங்கி, மண்டபத்திலும் தூங்குவார்கள். தங்கும் செலவு உதைக்கிறது என்றால் முதலில் ஏற்றும் இடங்களைக் குறைத்துப் பாருங்கள். மலை ஊர் பஸ்ஸில் மூன்று இடத்தை ஒன்றாக்கினால் 4:10 என்பது 4:40 ஆகிவிடும்.

எத்தனை இடத்துல நிறுத்தி ஆள் ஏத்தலாம்? வயசானவங்க இருக்காங்க, வீட்டு வாசல்ல ஏத்திக்கிட்டா நல்லது.

மூன்றுக்கு மேல் வேண்டாம். தாமதத்துக்கு எல்லோரும் சாலையைக் குறை சொல்வார்கள். பாதிக்கு மேல் நேரம் கரைவது ஊருக்குள்ளேயேதான். ஓரிடத்தில் நிறுத்தினால் ஏறுவதற்கு மட்டும் நேரம் போவதில்லை. பெரிய வண்டியைத் தெருவுக்குள் திருப்ப வேண்டும், பெயர் சரிபார்க்க வேண்டும், "இதோ வந்துட்டேன்" என்றவருக்காக நிற்க வேண்டும். ஒரு கூடுதல் நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம் என்று கணக்கு வையுங்கள்.

வயதானவர்களுக்காக பஸ்ஸை வீட்டுக்கு அனுப்புவதைவிட, அவர்களை ஒரு காரில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவருவது எல்லோருக்கும் நல்லது. அந்த இடத்தில் வெளிச்சமும், உட்கார ஏதாவதும், பெரிய வண்டி நிற்க இடமும் இருக்க வேண்டும். "பெரிய மரத்துக்குப் பக்கத்துல" என்றெல்லாம் சொல்லாமல் மேப்பில் புள்ளி வைத்து அனுப்பிவிடுங்கள். வெளியூர் டிரைவருக்கு உங்கள் ஊர் மரம் தெரியாது.

ஆளுங்ககிட்ட உண்மையான நேரத்தைச் சொல்றதா, அரை மணி முன்னாடியே சொல்லிடுறதா?

அரை மணி முன்னால் சொன்னால் தண்டனை அனுபவிப்பவர்கள் ஒழுங்காக வருபவர்கள்தான். இருட்டில் குழந்தையோடு நின்று காத்திருப்பார்கள். தாமதமாக வருபவர்களோ "எப்படியும் அரை மணி சேர்த்துத்தான் சொல்லியிருப்பாங்க" என்று ஒரே முறையில் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த முறை நீங்கள் ஒரு மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டிவரும்.

இரண்டு நேரத்தையும் சொல்லிவிடுங்கள்: "பஸ் 3:55க்கு வந்து நிற்கும், 4:10க்குக் கிளம்பிவிடும்." முதல் நேரம் ஏறத் தொடங்குவதற்கு, இரண்டாவது கதவு மூடுவதற்கு. நாலு மணி என்று வட்டமாகச் சொன்னால் காதில் "நாலு வாக்கில்" என்றுதான் விழும். 4:10 என்றால் ரயில் நேரம் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். முந்தின நாள் மாலை இதே இரண்டு நேரத்தையும், வண்டி எண்ணையும், பஸ்ஸில் வரும் பொறுப்பாளர் எண்ணையும் ஒரே செய்தியாக அனுப்புங்கள். மாற்றம் இருந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். இரண்டு செய்தி இருந்தால் பாதிப் பேர் பழையதைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு குடும்பம் இன்னும் வரல. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

முதல் இடத்தில் ஐந்து நிமிடம், நடுவில் ஐந்து, கடைசி இடத்தில் பத்து. மலை ஊர் பஸ்ஸின் 35 நிமிட மிச்சத்தில் 20 நிமிடம் இதிலேயே போய்விடுகிறது. முதல் இடத்தில் தவறவிட்டவர்கள் இரண்டாவது இடத்துக்கு ஆட்டோவிலோ பைக்கிலோ வந்து ஏறிக்கொள்ளலாம். கடைசி இடத்தில் அந்த வசதி இல்லை, அதனால்தான் அங்கே மட்டும் பத்து.

"கிளம்பலாம்" என்று சொல்பவர் தாமதிக்கும் குடும்பத்துக்கு நெருங்கிய உறவாக இருக்கக் கூடாது. அக்கா மகன் பொறுப்பாளராக இருந்தால் சித்தப்பாவை விட்டுவிட்டு வண்டியை எடுக்கச் சொல்ல வாய் வராது. டிரைவரிடமும் இந்த முடிவை விடாதீர்கள், அவர் எல்லோருக்கும் தலையாட்டுவார்.

காத்திருப்பதைவிடப் பலன் தருவது எழுப்பும் அழைப்பு. பஸ் கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்னால் குடும்பத்துக்கு ஒருவருக்கு ஃபோன் செய்யுங்கள். பத்துப் பன்னிரண்டு அழைப்பில் முடிந்துவிடும். எடுக்காத வீடு எது என்று அப்போதே தெரிந்தால், பக்கத்து வீட்டுக்காரரை விட்டுக் கதவைத் தட்டச் சொல்ல நேரமிருக்கும்.

ரெண்டு சின்ன ஊர்ல இருபது இருபது பேர்தான். ஒரே பஸ்ல கூட்டிட்டு வந்துடலாமா?

இரண்டாவது ஊர் வழியிலேயே இருந்தால் தாராளமாகச் செய்யலாம். வழியைவிட்டு 15 கிலோமீட்டர் உள்ளே என்றால் போக வர 30 கிலோமீட்டர், உள்சாலையில் பஸ்ஸுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் ஊரில் ஏறிய இருபது பேரும் அந்த ஒரு மணி நேரத்தைத் தூக்கத்திலிருந்து கொடுக்க வேண்டும். ஓர் ஊரின் தாமதம் இன்னோர் ஊரின் தலையிலும் விழும்.

அங்கிருந்து ஒரு வேன் பிடித்து, முக்கியச் சாலையில் வந்து பஸ்ஸோடு சேரலாமே என்று கேட்பார்கள். சேரலாம், ஆனால் வேனை மண்டபம் வரைக்கும் பேசி வையுங்கள். வேன் கால் மணி நேரம் முன்னால் வந்து நிற்க வேண்டும். வரவில்லை என்றால் பஸ் மேலே சொன்ன பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் போய்விடும், வேன் நேராக மண்டபத்துக்கு வந்துவிடும். சந்திப்பு வரைக்கும் மட்டும் வேனைப் பேசியிருந்தால் யாரோ ஒரு தரப்பு நடுரோட்டில் நிற்கும்.

ஒரு டிரைவர் போதுமா? பஸ் கம்பெனிக்காரர் போதும்ங்கிறார்.

காலைப் பயணத்துக்கு மட்டும் என்றால் போதும். அன்றைக்கே திருப்பி அழைத்துப் போகிறீர்கள் என்றால் யோசியுங்கள். மலை ஊர் டிரைவர் 4:10க்கு வண்டி எடுக்க இரண்டரைக்கு எழுந்திருப்பார். மாலை நாலு மணிக்குத் திரும்பக் கிளம்பினால் ஊர் சேர எட்டாகும். ஓட்டும் நேரம் எட்டு மணிக்குள் இருக்கலாம், ஆனால் விழித்திருக்கும் நேரம் பதினேழரை மணி. இந்தியாவில் 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை என்று வரம்பு வைத்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம், பொதுவாக நாளுக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். உங்கள் நாட்டு விதி எதுவோ அதைக் கம்பெனியிடம் கேளுங்கள்.

எந்த நாடாக இருந்தாலும் நள்ளிரவு இரண்டிலிருந்து விடியற்காலை ஆறு வரை உடம்பு தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். அதனால் நான் கேட்கும் முதல் கேள்வி, "முந்தின நாள் இந்த டிரைவருக்கு எந்த ட்ரிப்?" என்பதுதான். இரவு பதினொரு மணிக்கு இன்னொரு கூட்டத்தை இறக்கிவிட்டு வருகிறவர் என்றால் வேறு ஆளைக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் பத்து மணியிலிருந்து மாலை வரை அவர் படுக்க ஓர் அறையோ, வெயில் படாத ஓர் இடமோ ஒதுக்குங்கள். பஸ்ஸுக்குள்ளேயே தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷன் போட்டா போதுமே, பஸ்ஸுக்கு ஒரு பொறுப்பாளர் எதுக்கு?

லைவ் லொகேஷன் போடுங்கள். அதில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று தேர்வு உண்டு. 8ஐத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் பாதி வழியில் நின்றுவிடும். ஆனால் பஸ் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் அது காட்டும். உள்ளே எத்தனை பேர், ஏன் நிற்கிறது என்பதெல்லாம் அதில் தெரியாது. மலைப்பாதையில் சிக்னல் போய்விட்டால் புள்ளி அசையாமல் கிடக்கும், நீங்கள் பஸ் நின்றுவிட்டதாகப் பதறுவீர்கள்.

பொறுப்பாளர் மூன்று செய்தி அனுப்பினால் போதும். கடைசி இடத்திலிருந்து கிளம்பும்போது "கிளம்பியாச்சு, 44 பேர்". இடைநிறுத்தம் முடிந்து நகரும்போது "44 பேரும் ஏறியாச்சு". மண்டபத்துக்குக் கால் மணி நேரத் தொலைவில் ஒன்று. நடுவில் உள்ள எண்ணிக்கைதான் முக்கியம். கழிப்பறையில் ஒருவரை விட்டுவிட்டு வந்து, இருபது நிமிடம் கழித்துத் தெரிந்தால் திரும்பிப் போக இருபது, மறுபடி வர இருபது. தலையை எண்ணுவதைவிடக் குடும்பம் குடும்பமாகக் கேட்டால் தவறாது: "உங்க வீட்டுல அஞ்சு பேரும் இருக்கீங்களா?" கேட்கும்போதே பையன் ஒருவன் இல்லாதது தெரிந்துவிடும்.

பஸ் சீக்கிரமே வந்துட்டா என்ன பண்றது? மண்டபத்துல எட்டரைக்கு ஆள் இருக்க மாட்டாங்க.

மண்டபத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடத் தொலைவில் பெரிய வண்டி நிற்க இடமும் கழிப்பறையும் உள்ள ஓர் இடத்தைப் பார்த்து வையுங்கள். பெட்ரோல் பங்க், சாலையோர ஓய்விடம், ஏதாவது ஒன்று. முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். சீக்கிரம் வரும் பஸ்கள் அங்கே நிற்கும். நீங்கள் மண்டப வாசலிலிருந்து "வாங்க" என்றதும் ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

வழியில் தொல்லை எதுவும் இல்லாவிட்டால் மலை ஊர் பஸ் 35 நிமிடம் முன்னாலேயே அங்கே வந்துவிடும். அந்த நேரத்திலேயே முகம் கழுவி, உடை மாற்றி முடித்துவிடுவார்கள். முதல் பதிலில் சொன்ன மண்டபக் கழிப்பறை வரிசை பாதியாகக் குறைந்துவிடும். ஊரிலிருந்து சீக்கிரம் கிளம்பச் சொல்லும்போது நான் தயங்காததற்குக் காரணம் இந்த இடம்தான்.

வழியில பஸ் பழுதானா? மாற்று பஸ் ஒன்னு சும்மா நிறுத்தி வைக்க வசதி இல்லை.

நிறுத்தி வைக்க வேண்டாம், பக்கத்து ஊர் பஸ்ஸையே மாற்றாக வைத்துக்கொள்ளலாம். அது 8:45க்குத்தான் கிளம்பப் போகிறது. அதை அதிகாலை ஆறு மணியிலிருந்தே பேசி, டிரைவரோடு தயாராக இருக்கச் சொல்லுங்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் 25 கிலோமீட்டர்தான், கார், பைக், வாடகை வண்டி என்று எப்படியாவது வந்துவிடுவார்கள். மலை ஊர்க்காரர்களால் அது முடியாது.

எப்படி நடக்கும் என்று பாருங்கள். பக்கத்து ஊர் மலை ஊர் வழியிலேயே இருப்பதாக வைத்துக்கொள்வோம். மலை ஊர் பஸ் 7:05க்கு, மண்டபத்துக்கு 45 கிலோமீட்டர் முன்னால் நின்றுவிடுகிறது. பக்கத்து ஊரிலிருந்து அந்த இடம் 20 கிலோமீட்டர். டிரைவர் "பத்து நிமிஷத்துல சரியாகிடும்" என்பார், எப்போதும் அப்படித்தான் சொல்வார். 20 நிமிடம் பொறுத்து 7:25க்கு முடிவெடுத்தால் 7:30க்கு மாற்று பஸ் கிளம்பி 8:10க்கு வந்து சேரும். ஆள் மாறி ஏற 15 நிமிடம், 8:25. அங்கிருந்து மண்டபத்துக்கு ஒன்றரை மணி நேரம், 9:55. நம் கெடுவைவிடப் பத்து நிமிடம்தான் தாமதம், எல்லோரும் 10:25க்கு உட்கார்ந்துவிடுவார்கள்.

இதே முடிவை 20 நிமிடத்துக்குப் பதில் 45 நிமிடம் பொறுத்து எடுத்திருந்தால் 10:20க்குத்தான் வாசலுக்கே வந்திருப்பார்கள். அதனால் வண்டி நின்று 20 நிமிடம் ஆகிவிட்டால் என்ன சமாதானம் சொன்னாலும் மாற்று பஸ்ஸைக் கிளப்பிவிடுங்கள். நடுவில் சரியாகிவிட்டால் திரும்பிப் போகச் சொல்லலாம். டீசல்தான் நஷ்டம்.

எல்லாம் செஞ்சும் ஒரு பஸ் வரல. கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாமா?

அந்தக் கேள்வியை 10:25க்கு யாரும் கேட்க வேண்டியிராதபடி செய்வதுதான் முறை. எவர் இல்லாமல் திருமணம் நடக்கவே நடக்காதோ, அதாவது மணமக்கள், பெற்றோர், நடத்திவைப்பவர், சாட்சிகள், அவர்களில் யாரையும் காலை பஸ்ஸில் ஏற்றாதீர்கள். முந்தின நாளே வந்துவிட வேண்டும். முடியாவிட்டால் இரண்டு தனித்தனிக் காரில் பிரிந்து வர வேண்டும். மற்றவர்கள் தாமதித்தால் வருத்தம்தான், திருமணம் நிற்காது.

9:15க்கு ஒருவர் எல்லா பஸ்ஸின் நிலையையும் பார்த்து, எது 9:45க்குள் வராது என்று இரு வீட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். நேரம் நெகிழக் கூடியதா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 15 நிமிடத் தாமதத்துக்காகத் தள்ளிப்போடலாம், ஒரு மணி நேரத்துக்காக வேண்டாம் என்பது என் கருத்து. டிரைவருக்கு மட்டும் ஃபோன் செய்து விரட்டாதீர்கள். 45 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது 60இல் போகும் பஸ்ஸை 75இல் ஓட்டச் சொன்னால் மிஞ்சுவது ஒன்பது நிமிடம். அதற்காக 44 பேரை வைத்துக்கொண்டு வளைவுகளில் விரட்டுவதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

முந்தின நாள் ராத்திரி பஸ் கம்பெனிகிட்ட என்னென்ன உறுதி பண்ணிக்கணும்?

வண்டி எண், டிரைவரின் பெயர், அவருடைய சொந்தக் கைபேசி எண். அலுவலக எண் விடியற்காலை நாலு மணிக்கு வேலை செய்யாது. டீசல் இரவே நிரப்பியாகிவிட்டதா என்று கேளுங்கள். காலையில் "பங்க்ல ஒரு அஞ்சு நிமிஷம்" என்றால் அது ஆட்கள் ஏறிய பிறகுதான் நடக்கும். மாநில எல்லையோ நாட்டு எல்லையோ தாண்டினால் அனுமதிச் சீட்டு வண்டியிலேயே இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

வண்டி முதல் இடத்துக்கு வர வேண்டிய நேரத்தைச் சொல்லும்போது கிளம்பும் நேரத்தைச் சொல்லிவிடாதீர்கள். 4:10 என்றால் அவர் 4:10க்குத்தான் வருவார். 3:45 என்று எழுதிக் கொடுங்கள், வழி தேட பத்து நிமிடம் கையில் இருக்கும். மண்டபத்துக்கு வெறும் பெயரை மட்டும் கொடுக்காமல், பஸ் நுழையும் வாசலின் மேப் புள்ளியை அனுப்புங்கள். ஒரே பெயரில் இரண்டு மண்டபம் உள்ள ஊர்கள் நிறைய, ஒரே மண்டபத்துக்கு இரண்டு வாசல் அதைவிட நிறைய. பின்வாசலுக்குப் போன பஸ் குறுகலான தெருவில் திரும்பி முன்வாசலுக்கு வரக் கால் மணி நேரம் ஆகும்.